மருத்துவமனைச் சான்றிதழுடன் விமான டிக்கெட்டை ரத்து செய்வது: மெயிலால் எது நடக்கும், எது நடக்காது

"அப்பாவை நேற்று இரவு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து டெல்லி போய்த் திரும்ப நான், மனைவி, அம்மா மூவருக்கும் ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் இருக்கிறது. ஆன்லைன் ஏஜென்ட் தளத்தில் எடுத்தது. நானும் அம்மாவும் போக முடியாது, மனைவி மட்டும் போவாள். டாக்டர் சான்றிதழை இணைத்து விமான நிறுவனத்துக்கு மெயில் போட்டால் முழுப் பணமும் கிடைக்குமா? எப்படி எழுத வேண்டும்?"

திருச்சியில் பத்தொன்பது வருடமாக டிக்கெட் எடுத்துத் தரும் வேலையில் இருக்கிறேன். இதே நிலையில் வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் பணம் இழந்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இழந்தார்கள். மெயில் அனுப்பியதும் டிக்கெட் ரத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். மெயில் டிக்கெட்டை ரத்து செய்யாது. அதை யாராவது திறந்து படிக்கும் வரை உங்கள் இருக்கை உங்கள் பெயரில்தான் இருக்கும். படிப்பதற்குள் விமானம் போய்விட்டால் கணக்கில் நீங்கள் 'நோ ஷோ', அதாவது சொல்லாமல் வராதவர்.

சில வருடம் முன்பு ஒரு வாடிக்கையாளர் நேரடியாக நிறுவனத்தின் தளத்திலேயே மூன்று பேருக்கு டிக்கெட் எடுத்திருந்தார். பயணத்துக்கு முந்தின இரவு அவருடைய தாயாருக்குப் பக்கவாதம். ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து, டிக்கெட் வந்த மெயிலுக்கே 'ரிப்ளை' அழுத்தி, நாலு பத்தியில் நிலைமையை எழுதி, சான்றிதழைப் படம் எடுத்து இணைத்து அனுப்பிவிட்டார். டிக்கெட் அனுப்பும் அந்த முகவரிக்குப் போகும் கடிதத்தை யாரும் பார்ப்பதில்லை. பத்து நாள் கழித்து என்னிடம் வந்தபோது மூன்று டிக்கெட்டும் நோ ஷோ. திரும்பும் டிக்கெட்டும் ஒரே பி.என்.ஆரில் இருந்ததால், போகும் பயணத்துக்கு வராத உடனே அதுவும் தானாக ரத்தாகியிருந்தது. விமான நிலையக் கட்டணங்களை மட்டும் கேட்டு வாங்கிக் கொடுக்க முடிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இரவில் யார்தான் விதிகளைப் படிப்பார்கள்?

எனவே இரண்டு காரியங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, டிக்கெட்டை ரத்து செய்வது. அது செயலியிலோ, தளத்திலோ, தொலைபேசியிலோ நடக்க வேண்டியது, அதற்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. இன்னொன்று, ரத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி கேட்பது. எங்கள் தொழிலில் அதை 'வெய்வர்' என்போம். மெயிலும் சான்றிதழும் இந்த இரண்டாவது காரியத்துக்குத்தான்.

இதில் எது உறுதி, எது அவர்கள் மனது என்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதற்கு டி.ஜி.சி.ஏ. என்ற விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி இருக்கிறது. அதன்படி ரத்துக் கட்டணம் எவ்வளவு என்று நிறுவனம் தானே முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் அது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் போன்றவற்றைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். 'திருப்பித் தரப்படாது' என்று போட்ட சலுகை டிக்கெட்டுக்கும், நோ ஷோ ஆன டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். பணத்துக்குப் பதில் 'கிரெடிட் ஷெல்' என்று அவர்கள் கணக்கிலேயே வைத்துக்கொள்வது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது. அவர்களாக அப்படிச் செய்துவிட முடியாது. முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் பணம் திரும்பி வரச் செய்யும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான். இவையெல்லாம் உறுதி. ஒரு சிறு எச்சரிக்கை: வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதிப்படி திருப்பித் தரலாம் என்று அதே விதி சொல்கிறது. உங்களுடையது உள்நாட்டுப் பயணம் என்பதால் அந்தக் கவலை இல்லை.

வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார் என்பதற்காக ரத்துக் கட்டணத்தை முழுதாக விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த நிறுவனத்துக்கும் இல்லை. என் அனுபவத்தில், நோயாளியின் பெயரே டிக்கெட்டில் இருந்தால் ஓரளவு எளிதாகக் கிடைக்கும். உங்கள் அப்பா பயணி அல்ல. இப்படிப்பட்ட கோரிக்கைகளில் சிலவற்றில் முழுக் கட்டணமும் தள்ளுபடியாகி வந்ததைப் பார்த்திருக்கிறேன், சிலவற்றில் ஒரு வருடத்துக்குச் செல்லும் கிரெடிட் ஷெல் தந்தார்கள், சிலவற்றில் 'வருந்துகிறோம்' என்று இரண்டு வரியோடு முடிந்தது. கிடைக்கும் என்று நான் வாக்குத் தர முடியாது. ஆனால் சரியான காகிதத்தோடு சரியான நேரத்தில் கேட்டவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

இந்த 'நேரம்' கொஞ்சம் சிக்கலான விஷயம். நீங்களே செயலியில் ரத்து செய்துவிட்டால், கட்டணம் கழிந்து மீதிப் பணம் கிளம்பிவிடும். அதன் பிறகு வெய்வர் கேட்டால் 'கணக்கு முடிந்துவிட்டது' என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம். டிக்கெட் உயிரோடு இருக்கும்போது கேட்பதுதான் பலம். அதற்காகக் கடைசி நிமிடம் வரை காத்திருந்தால் நோ ஷோ ஆகிவிடும். ஆகவே இன்றே கேளுங்கள், உங்களுக்கென்று ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விமானத்துக்கு வியாழன் மாலை ஆறு மணி என்று வைப்பேன். ஆன்லைனில் ரத்து செய்யும் வசதி புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே மூடிவிடும். வியாழன் ஆறு மணிக்குள் பதில் வராவிட்டால் நீங்களே ரத்து செய்துவிட்டு, அதே மெயில் தொடரில் 'நோ ஷோ ஆகாமலிருக்க ரத்து செய்துவிட்டேன், தள்ளுபடிக் கோரிக்கை நிலுவையில் உள்ளது' என்று எழுதிவிடுங்கள்.

காத்திருக்கும் முன் இன்னொன்றைப் பாருங்கள். பல நிறுவனங்களில் பயண நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறும், சிலவற்றில் கடைசி மூன்று நாளுக்குத் தனித் தொகை. உங்கள் டிக்கெட்டின் கட்டண விதியில் அது எப்போது ஏறுகிறது என்று பார்த்து, ஏறும் தொகை சில நூறு ரூபாய்தான் என்றால் காத்திருங்கள். ஒரு டிக்கெட்டுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஏறுமென்றால் இன்று தொலைபேசியில் கேட்டுப் பார்த்து, வழியில்லை என்றால் ஏறுவதற்கு முன்பே ரத்து செய்வதுதான் நல்லது. அப்படியே விமானத்தின் நேரத்தை நிறுவனமே மாற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய மாற்றமாக இருந்தால் அதைக் காரணம் காட்டியே முழுப் பணமும் கேட்கலாம், சான்றிதழே வேண்டியிருக்காது.

உங்கள் விஷயத்தில் மனைவி போகப் போகிறார். மூவரும் ஒரே பி.என்.ஆரில் இருப்பதால், 'இந்த பி.என்.ஆரை ரத்து செய்யுங்கள்' என்று மெயிலில் ஒரு வரி எழுதினாலே அவருடைய டிக்கெட்டும் சேர்ந்து போய்விடலாம். முதலில் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி, பி.என்.ஆரை 'ஸ்பிளிட்' செய்யச் சொல்லுங்கள். மனைவி ஒரு எண்ணிலும், நீங்களும் அம்மாவும் இன்னொரு எண்ணிலும் வந்துவிடுவீர்கள். புது எண் வந்ததும் மனைவியின் போகும் டிக்கெட், திரும்பும் டிக்கெட் இரண்டும் சரியாக இருக்கிறதா என்று தளத்தில் போட்டுப் பாருங்கள். அப்புறம் உங்கள் இருவருக்கும் வெப் செக்-இன் செய்துவிடாதீர்கள். போர்டிங் பாஸ் எடுத்துவிட்டால், அதை முதலில் நீக்கிய பிறகுதான் ரத்து செய்ய முடியும்.

தொலைபேசி எண்ணைத் தேடுபொறியில் தேடி முதலில் வருவதை அழைக்காதீர்கள். ரீஃபண்ட் தருகிறேன் என்று ஏமாற்றுகிறவர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். மருத்துவமனைப் பதற்றத்தில் இருப்பவர் ஓ.டி.பி.யைச் சட்டென்று சொல்லிவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும். எண்ணை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அல்லது செயலியில் மட்டும் எடுங்கள்.

சான்றிதழுக்கு வருவோம். அப்பா இன்னும் உள்ளே இருப்பதால் டிஸ்சார்ஜ் சம்மரி கிடைக்காது. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 'அட்மிஷன் சர்டிபிகேட்' என்று கேளுங்கள். தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டரிடமோ மருத்துவ ஆவணப் பிரிவிலோ கிடைக்கும். அரசு மருத்துவமனையில் ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலரின் அலுவலகத்தில் கேட்க வேண்டும். மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில், அப்பாவின் முழுப் பெயர் ஆதாரில் உள்ளபடி, வயது, உள்நோயாளி எண், சேர்த்த தேதி, இன்றும் சிகிச்சையில் இருக்கிறார் என்ற வரி, மருத்துவரின் பெயர், கையெழுத்து, மருத்துவ கவுன்சில் பதிவு எண், முத்திரை, தேதி இவ்வளவும் வேண்டும். சான்றிதழில் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது, எனவே தயங்காமல் கேட்கலாம். இந்த எண் இல்லாமல் திரும்பி வந்த கோரிக்கைகள் என் கையிலேயே பல உண்டு.

இதோடு ஒரு வரியைச் சேர்த்து எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்: 'இவரைக் கவனித்துக்கொள்ள மனைவியும் மகனும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை உடனிருப்பது அவசியம்.' உங்கள் விஷயத்தில் இந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு அதிகம். படுத்திருப்பது அப்பா, டிக்கெட்டில் இருப்பது நீங்களும் அம்மாவும். இரண்டையும் இணைப்பது அந்த வரிதான். குறிப்பிடும் தேதிகளுக்குள் வெள்ளிக்கிழமை வர வேண்டும். 'நேற்று சேர்க்கப்பட்டார்' என்று மட்டும் இருந்தால், 'வெள்ளிக்கிழமைக்குள் சரியாகியிருக்கலாமே' என்று கேட்பார்கள், கேட்டிருக்கிறார்கள். மருத்துவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அவருடைய மருத்துவக் கருத்தைத்தான் அவர் எழுத முடியும், நிறுவனம் மருத்துவமனைக்கு அழைத்துச் சரிபார்ப்பதும் உண்டு.

நோயின் முழு விவரத்தையும் அனுப்பத் தேவையில்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், மருந்துச் சீட்டு எதுவும் வேண்டாம். அவை அப்பாவின் அந்தரங்கம், அந்த மெயிலை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. 'இதய நோய்க்காகச் சிகிச்சை', 'அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்பு' என்ற அளவு போதும். ஆனால் உறவைக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். உங்களுக்கு, அப்பா பெயர் அச்சிட்ட பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம். அம்மாவுக்கு, கணவர் பெயர் உள்ள ஏதாவது ஓர் அடையாள அட்டை. மூவர் பெயரும் இருந்தால் குடும்ப அட்டை ஒன்றே போதும். ஆதாரை அனுப்பினால் முதல் எட்டு இலக்கத்தை மறைத்துவிடுங்கள்.

இனி மெயில். நிறுவனத்தின் தளத்தில் 'தொடர்பு கொள்ள' என்ற பக்கத்தில் உள்ள முகவரிக்கோ படிவத்திலோ அனுப்புங்கள், ஆன்லைன் ஏஜென்ட்டையும் நகலில் சேருங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒரு நாளில் எத்தனையோ கோரிக்கைகளைப் பார்க்கிறார். அவர் தேடுவது பி.என்.ஆர்., பெயர்கள், தேதி, காரணம், என்ன வேண்டும் என்பதை மட்டும். உங்கள் வேதனையை இரண்டு வரிக்கு மேல் எழுதினால் அவர் தேடுவது உள்ளே புதைந்துவிடும். ஸ்பிளிட் செய்து வந்த எண் QX7K2M என்று வைத்துக்கொள்வோம். கீழே தமிழில் எழுதுகிறேன், இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள்.

"பொருள்: பி.என்.ஆர். QX7K2M, வெள்ளிக்கிழமை (தேதி) சென்னை–டெல்லி, தந்தை மருத்துவமனையில் இருப்பதால் ரத்துக் கட்டணத் தள்ளுபடிக் கோரிக்கை. ஐயா/அம்மா, மேற்கண்ட பி.என்.ஆரில் நானும் என் தாயாரும் பயணிகள். என் தந்தை (பெயர்) (தேதி) அன்று (மருத்துவமனை, ஊர்) உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டு இன்றும் சிகிச்சையில் இருக்கிறார். நாங்கள் இருவரும் உடனிருக்க வேண்டும் என்று மருத்துவர் சான்றளித்துள்ளார். எனவே இருவருடைய போகும், திரும்பும் பயணங்களையும் ரத்து செய்து, ரத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பணம் செலுத்திய வழியிலேயே தொகையைத் திருப்பி அனுப்ப வேண்டுகிறேன். தனி பி.என்.ஆரில் உள்ள என் மனைவியின் டிக்கெட் தொடர வேண்டும், அதை ரத்து செய்ய வேண்டாம். வியாழன் மாலை 6 மணிக்குள் பதில் தர வேண்டுகிறேன். அதற்குள் பதில் வராவிட்டால் நோ ஷோ ஆகாமலிருக்க நானே ரத்து செய்வேன், இந்தக் கோரிக்கை அதன் பின்னும் தொடரும். தள்ளுபடி இயலாது எனில், பிடித்த தொகை, திருப்பிய தொகை இரண்டையும் பிரித்துக் காட்டும் கடிதம் ஒன்று தர வேண்டுகிறேன். இணைப்பு: மருத்துவச் சான்றிதழ், உறவுச் சான்று, டிக்கெட் நகல்."

கடைசியில் கேட்கும் அந்தக் கடிதம் எதற்கென்றால், டிக்கெட் எடுக்கும்போது பயணக் காப்பீட்டுக்கு டிக் அடித்திருந்தால், அல்லது உங்கள் கிரெடிட் கார்டில் பயண ரத்துக் காப்பீடு இருந்தால், விமான நிறுவனம் பிடித்துக்கொண்ட தொகையை அங்கே கேட்கலாம். நெருங்கிய குடும்பத்தினர் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது அப்படிப்பட்ட பல பாலிசிகளில் ஏற்கப்படும் காரணம். அவர்கள் முதலில் கேட்பது இந்தக் கடிதத்தைத்தான். பலருக்கு விமான நிறுவனத்திடம் கிடைக்காத பணம் இந்த வழியில் வந்திருக்கிறது. பாலிசியைத் திறந்து பாருங்கள்.

இணைப்புகளைக் கைப்பேசிப் படங்களாக அனுப்பாமல் ஸ்கேன் செயலியில் எடுத்து, QX7K2M-certificate.pdf என்பதுபோலப் பெயர் வைத்து அனுப்புங்கள். நாலைந்து பெரிய படங்கள் சேர்ந்தால் மெயில் திரும்பி வந்துவிடும், அந்த அறிவிப்பை நீங்கள் கவனிக்காமலும் போகலாம். அனுப்பியதும் ஒரு கோரிக்கை எண் வரும். வராவிட்டால் தொலைபேசியில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் 'சரி, தள்ளுபடி செய்துவிட்டோம்' என்று சொன்னாலும், அதை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். முகவர் வழி டிக்கெட் என்பதால், அந்த எழுத்து அனுமதி கைக்கு வந்த பிறகு முகவர் தளத்தில் ரத்துப் பொத்தானை நீங்களாக அழுத்தாமல், அதை அவர்களுக்கு அனுப்பி அவர்கள் வழியாகச் செய்யுங்கள். தானாக இயங்கும் பொத்தானுக்கு வெய்வர் தெரியாது, வழக்கமான கட்டணத்தைக் கழித்துவிடும்.

பணம் எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள் இவை. ஒருவருக்கு ஒரு வழி டிக்கெட் 3,900 ரூபாய். அதில் அடிப்படைக் கட்டணம் 2,600, எரிபொருள் கட்டணம் 400, ஜி.எஸ்.டி. 150, விமான நிலைய, பாதுகாப்புக் கட்டணங்கள் 750. நிறுவனத்தின் பட்டியலில் ரத்துக் கட்டணம் 4,300 என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்து 'டிக்கெட்டை விட அதிகம், ரத்து செய்து பயனில்லை' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் பிடிக்கக்கூடியது 2,600-உம் 400-உம் சேர்ந்த 3,000 மட்டும். 750 உங்களுக்கு வர வேண்டும். இருவருக்கு, இரண்டு வழிக்கும் சேர்த்தால் 3,000 ரூபாய். ஜி.எஸ்.டி.யில்தான் இழுபறி. ரத்துக் கட்டணத்துக்கும் டிக்கெட்டுக்கு உள்ள அதே விகிதத்தில் வரி உண்டு என்று 2022 ஆகஸ்டில் வந்த ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை சொல்வதால், பிடித்த தொகைக்குரிய வரியைத் தர மாட்டார்கள். வெய்வர் கிடைத்தால் 3,900-உம் வரும், ஆனால் முகவர் தளம் தனியாக வாங்கிய வசதிக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது.

மறுத்துவிட்டால், அதே மெயில் தொடரை நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்புங்கள். பெயரும் முகவரியும் அவர்கள் தளத்திலேயே இருக்கும், அவருக்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவரும் உண்டு. முதல் மேசையில் இருப்பவருக்கு இல்லாத அதிகாரம் இவர்களுக்கு உண்டு, மறுத்ததை இவர்கள் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் விமான நிலையக் கட்டணம்கூட வரவில்லை, அல்லது கேட்காமலேயே கிரெடிட் ஷெல்லில் போட்டுவிட்டார்கள் என்றால், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் (airsewa.gov.in) புகார் போடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-உம் இருக்கிறது. ஆனால் வெய்வர் மட்டும் மறுக்கப்பட்டது என்று அங்கே போனால் பலன் குறைவு. விதியில் உள்ளதை மீறியதற்குத்தான் அங்கே வழி கிடைக்கும்.

இன்று மாலை ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வரும்போது அந்தச் சான்றிதழைக் கேட்டுவிடுங்கள். மெயிலும் ஸ்பிளிட்டும் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தே செய்யக்கூடியவை, மனைவியிடம் கொடுத்தால் அவரே முடித்துவிடுவார். சான்றிதழ் வந்தபின் அதில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், பெயர்களை மறைத்துவிட்டு வாசகத்தை மட்டும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அப்பா சீக்கிரம் வீடு திரும்பட்டும்.